நெட் பேக்கை எந்த ஆப் தின்றது? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

அம்மாவின் போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று 28 நாள் ரீசார்ஜ். போன மாதம் இரண்டாவது வாரத்திலிருந்து விடிவதற்குள்ளேயே "50% பயன்படுத்திவிட்டீர்கள்" என்று மெசேஜ் வர ஆரம்பித்தது. காலை பத்தரைக்குள் முழுவதும் தீர்ந்துவிடும். மதியம் சீரியல் பார்க்க உட்கார்ந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று முறை 19 ரூபாய்க்குக் கூடுதல் டேட்டா போட்டுக் கொடுத்தேன். "நான் ஒண்ணுமே பார்க்கலையேப்பா" என்று அம்மா சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. வீடியோ பார்ப்பதைக் குறைக்கச் சொல்லி வருத்தப்படவும் வைத்துவிட்டேன். அம்மா சொன்னதுதான் உண்மை என்று தெரிய ஆறு நாள் ஆனது.

இதைக் கண்டுபிடிக்கத் தனி ஆப் எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. உட்கார்ந்து பார்க்க அரை மணி நேரம், மறுநாள் காலையில் ஐந்து நிமிடம் போதும். எந்தத் திரையில் எந்த எண்ணைப் பார்ப்பது என்று மட்டும் தெரிய வேண்டும்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ரீசார்ஜ் செய்தபோது வந்த மெசேஜைத் தேடி எடுங்கள். அதில் ஒரு நாளைக்கு எவ்வளவு அல்லது மாதம் முழுவதற்கும் எவ்வளவு என்று இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். தினசரி பேக் என்றால் நள்ளிரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்குகிறது. நீங்கள் தூங்கும்போது தீர்ந்தாலும் அது அன்றைய கணக்கில்தான் போகும். மொத்தமாக மாதத்துக்கு என்று வாங்கியிருந்தால், ரீசார்ஜ் செய்த தேதியிலிருந்து கணக்கு.

அப்புறம், 50%, 90%, 100% என்று வந்த எச்சரிக்கை மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். அவை வந்த நேரத்தை ஒரு தாளில் நான்கைந்து நாளுக்கு எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும். நீங்கள் போனைத் தொடாத நேரத்தில் 50% மெசேஜ் வருகிறது என்றால், பின்னணியில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அம்மாவின் போனில் அப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

2. கணக்கு இருக்கும் திரையைத் திறப்பது

ஒவ்வொரு கம்பெனி போனிலும் வழி கொஞ்சம் மாறும். எளிய வழி, செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடும் பெட்டியில் `data usage` என்று அடிப்பதுதான். தேடல் வேண்டாம் என்றால்:

சாம்சங்கில் `Settings` → `Connections` → `Data usage` → `Mobile data usage`.

மோட்டோரோலா, பிக்ஸல் போன்ற போன்களில் `Settings` → `Network & internet` → `SIMs` → உங்கள் சிம் → `App data usage`.

ஐபோனில் `Settings` → `Mobile Data` அல்லது `Mobile Service`. அதே பக்கத்தில் கீழே நகர்த்தினால் ஆப்கள் வரிசையாக இருக்கும்.

இங்கே இரண்டு இடத்தில் பலரும் தவறுகிறார்கள். ஒன்று, வைஃபை கணக்குக்கும் இதே மாதிரி ஒரு திரை உண்டு. `Wi-Fi data usage` என்று இருந்தால் அது நமக்கு வேண்டாதது, பேக்கிலிருந்து போகாதது. இன்னொன்று, இரண்டு சிம் போட்ட போனில் நெட் ஓடும் சிம் எது என்று பார்த்து அதன் கணக்கைத்தான் திறக்க வேண்டும். பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கும் சிம்மைத் திறந்துவிட்டு "ஒன்றுமே செலவாகவில்லையே" என்று குழம்புவது சகஜம்.

3. தேதியைச் சரிசெய்யாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்

நான் தவறியது இங்கேதான். திரையைத் திறந்தவுடன் மேலே ஒரு தேதி வரம்பு தெரியும். அம்மாவின் போனில் மாதத்தின் 1-ஆம் தேதியிலிருந்து என்று இருந்தது. நான் பார்த்தது 14-ஆம் தேதி. பட்டியலில் முதலிடம் வீடியோ ஆப்புக்கு, 12.8 ஜிபி. இரண்டாவது போட்டோக்களை பேக்கப் எடுக்கும் ஆப், 6.7 ஜிபி. மூன்றாவது வாட்ஸ்அப், ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல். முதலிடத்தில் இருப்பதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியல் பதினான்கு நாளின் கூட்டுத்தொகை. பிரச்சினை தொடங்கியது 9-ஆம் தேதி. அதற்கு முந்தைய எட்டு நாளில் அம்மா வழக்கம்போல் வீடியோ பார்த்திருக்கிறார், பேக்கும் நாள் முழுக்கத் தாங்கியிருக்கிறது. அந்த எட்டு நாள் எண் வீடியோ ஆப்பை மேலே தூக்கி நிறுத்திவிட்டது. பேக்கப் ஆப்பின் 6.7 ஜிபியோ கிட்டத்தட்ட முழுவதுமே கடைசி ஆறு நாளில் வந்தது. மாதக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

ஆகவே கணக்கை ஒரு நாளுக்குச் சுருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. `Data warning & limit` என்ற இடத்துக்குள் போனால் `Mobile data usage cycle` என்று இருக்கும். சாம்சங்கில் இதற்கு `Billing cycle and data warning` என்று பெயர். அதில் மாதத்தின் எந்தத் தேதியில் கணக்கு தொடங்க வேண்டும் என்று கேட்கும். அங்கே இன்றைய தேதியைப் போடுங்கள். இன்று 15 என்றால் 15. உடனே பட்டியல் இன்று அதிகாலை 12 மணியிலிருந்து இந்த நிமிடம் வரை என்று சுருங்கிவிடும். பழைய கணக்கு எதுவும் அழியாது, தேதியைத் திரும்ப மாற்றினால் மறுபடி வந்துவிடும். பயப்படாமல் செய்யலாம்.

ஐபோனில் இந்த வசதி இல்லை. அங்கே `Current Period` என்று காட்டுவது ஒரு மாதக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களாக அழிக்கும் வரை கூடிக்கொண்டே போகும். போன் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த எண்ணாகக்கூட இருக்கலாம். பக்கத்தின் அடிமட்டத்தில் `Reset Statistics` என்று இருக்கும், அதன் அருகில் கடைசியாக எப்போது அழித்தீர்கள் என்ற தேதியும் தெரியும். இரவு படுக்கும்முன் அதை அழுத்துங்கள். காலையில் பார்த்தால் இரவுக் கணக்கு மட்டும் இருக்கும். ஆனால் இங்கே பழைய எண்கள் திரும்ப வராது. வேண்டுமென்றால் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. காலைக் கணக்கு

இதுதான் முழு வேலையின் மையம். இரவில் வழக்கம்போல் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். டேட்டாவை அணைக்க வேண்டாம். வீட்டில் வைஃபை இருந்தால் அந்த ஓர் இரவுக்கு மட்டும் போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திருடன் வேறு வாசல் வழியாகப் போய்விடுவான். காலையில் எழுந்ததும், எதையும் திறக்கும் முன், கணக்கு தொடங்கும் சுழற்சித் தேதியை இன்றைக்கு மாற்றிப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் நள்ளிரவுக்கு முன் தூங்கியிருந்தால், அந்தப் பட்டியலில் இருப்பது மொத்தமும் உங்கள் கை படாமல் போன டேட்டா.

அம்மாவின் போனில் 15-ஆம் தேதி காலை ஆறரைக்கு நான் எழுதி வைத்தது இது:

போட்டோ பேக்கப் ஆப் 1.12 ஜிபி
வாட்ஸ்அப் 46 எம்பி
ப்ளே ஸ்டோர் 31 எம்பி
வீடியோ ஆப் 0

மொத்தம் கிட்டத்தட்ட 1.2 ஜிபி. அம்மா கண் விழிப்பதற்குள் ஒன்றரை ஜிபியில் ஐந்தில் நான்கு பங்கு காலி. மிச்சமிருந்த 300 எம்பியில்தான் அவர் பத்தரை மணி வரை ஓட்டியிருக்கிறார்.

பட்டியலில் ஓர் ஆப்பின் பெயரைத் தொட்டால் உள்ளே `Foreground`, `Background` என்று இரண்டு எண் தெரியும். பேக்கப் ஆப்பில் 1.12 ஜிபியும் பின்னணியில்தான் இருந்தது. ஆனால் இந்தப் பிரிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சில ஆப்கள் திரையின் மேலே நோட்டிபிகேஷன் ஒன்றைக் காட்டியபடியே வேலை செய்யும். அந்த வேலை `Foreground` கணக்கில் விழலாம், நீங்கள் போனைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அதனால்தான் தூங்கும் நேரத்துக் கணக்கை நான் அதிகம் நம்புகிறேன். அந்த நேரத்தில் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அது நீங்கள் கேட்காமல் நடந்ததுதான். ஐபோனில் இந்த இரண்டு பிரிவே கிடையாது, இரவுக் கணக்கு ஒன்றுதான் வழி.

இரண்டு இரவாவது தொடர்ந்து பாருங்கள். ஒரு நாள் மட்டும் பார்த்தால், என்றோ ஒரு நாள் வந்த பெரிய அப்டேட்டைப் பார்த்துவிட்டு அதுதான் தினமும் நடக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

5. ஏன் நள்ளிரவில்?

9-ஆம் தேதிக்கு முந்தைய நாள் பெரியம்மா மகன் கல்யாணம். அம்மா தன் போனில் வீடியோவாக எடுத்துத் தள்ளியிருந்தார். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். அந்தப் போனில் முழு எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. 75 நிமிடம் என்றால் பத்து ஜிபியைத் தொடும். கல்யாண வீட்டில் யாரோ உதவி செய்வதாக நினைத்து, பேக்கப் ஆப் கேட்ட கேள்விக்கு மொபைல் டேட்டாவிலேயே ஏற்றலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்கும் டேட்டா போகும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. டவுன்லோடு மட்டும்தான் செலவு என்று நினைத்து, டவுன்லோடு ஆன கோப்புகளையே தேடிக்கொண்டிருப்பார்கள். பேக்கைப் பொறுத்தவரை உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கணக்குதான்.

பகலில் பேக் தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அது நொடிக்கு 8 கேபி, ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் 29 எம்பிதான். ஆக, பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு வரை பேக்கப் நகராமல் வரிசையில் நிற்கும். பன்னிரண்டு அடித்ததும் புதுக் கோட்டா, முழு வேகம், போன் சார்ஜில், யாரும் தொடவில்லை. நின்றிருந்தது எல்லாம் ஒரே மூச்சில் ஓட ஆரம்பிக்கும். காலையில் நாம் எழுந்தால் பேக்கில் பெரும்பகுதி காலி. மறுநாளும் இதே கதை. தினசரி பேக் வைத்திருப்பவர்கள் "ராத்திரியிலேயே தீர்ந்துவிடுகிறது" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, சமீபத்தில் எங்காவது விசேஷத்துக்குப் போய் வந்தீர்களா என்பதுதான்.

6. பட்டியலில் ஆப் பெயர் இல்லாத வரிகள்

சில நேரம் பெரிய எண் ஓர் ஆப்பின் மேல் இருக்காது. ஹாட்ஸ்பாட் என்று பொருள்படும் வரி (`Tethering` என்ற சொல் அதில் இருக்கும்) பெரிதாக இருந்தால், உங்கள் நெட்டை வேறு யாரோ வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நீக்கிய ஆப்களுக்கு ஒரு வரி உண்டு. ஓர் ஆப்பை அழித்துவிட்டாலும் அது தின்றது அங்கே இருக்கும்.

ஹாட்ஸ்பாட்டில் ஒளிந்திருக்கும் சிக்கல் கொஞ்சம் பெரியது. உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் தம்பியின் போனோ லேப்டாப்போ சேர்ந்தால், அந்தக் கருவியைப் பொறுத்தவரை அது வைஃபை. "வைஃபை இருந்தால் மட்டும் அப்டேட்" என்று ஒழுங்காக வைத்திருக்கும் ஆப்கள் அப்போது விழித்துக்கொண்டு உங்கள் பேக்கை இழுக்கலாம். தம்பியின் போனில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு `Network usage` அல்லது `Metered network` என்று இருப்பதில் `Treat as metered` என்று மாற்றச் சொல்லுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் `Metered connection` என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆன் செய்தால் போதும்.

7. நிறுத்துவது: ஆப்புக்குள் போய் நிறுத்துங்கள்

காரணம் தெரிந்ததும் கை பரபரக்கும். ஆப் பக்கத்தில் `Background data` என்ற சுவிட்சை அணைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். சாம்சங்கில் அதன் பெயர் `Allow background data usage`. விளையாட்டு, ஷாப்பிங் ஆப்களுக்கு அப்படியே செய்யலாம். வாட்ஸ்அப்புக்கோ, வங்கி ஆப்புக்கோ, மெயிலுக்கோ செய்யாதீர்கள். செய்தால் ஆப்பைத் திறக்கும் வரை மெசேஜ் வராது, வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய் உங்களைக் கூப்பிடுவார்கள். இவற்றுக்கு ஆப்பின் உள்ளேயே வழி இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் `Settings` → `Storage and data` → `When using mobile data`. அங்கே போட்டோ, ஆடியோ, வீடியோ, டாகுமெண்ட் எல்லாவற்றிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மெசேஜ் வழக்கம்போல் வரும், வீடியோ மட்டும் நீங்கள் தொட்டால்தான் இறங்கும். இருபது குடும்பக் குழுவில் இருப்பவருக்கு இது ஒன்றே பெரிய நிம்மதி. `Chats` → `Chat backup` என்ற இடத்தில் மொபைல் டேட்டாவில் பேக்கப் எடுக்க அனுமதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு `Settings` → `Network preferences` → `Auto-update apps` → `Over Wi-Fi only`. வீட்டில் வைஃபையே இல்லாதவர்கள் இதை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, ஆப்கள் பழையதாகவே தங்கிவிடும். மாதத்தில் ஒரு நாள், பேக் மிஞ்சியிருக்கும் இரவில், வங்கி ஆப்பையும் வாட்ஸ்அப்பையும் கையால் அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

போட்டோ பேக்கப் ஆப்களில் பேக்கப் என்ற பிரிவுக்குள் மொபைல் டேட்டாவுக்கென்று தனி இடம் இருக்கும். அங்கே வீடியோவுக்கு அனுமதியை எடுத்துவிடுங்கள். பேக்கப்பையே முழுதாக அணைத்துவிடாதீர்கள். போன் தொலைந்தால் அந்தக் கல்யாண வீடியோ திரும்பக் கிடைக்காது. நாங்கள் செய்தது இதுதான்: மொபைல் டேட்டாவை மட்டும் தடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனை என் வீட்டுக்கு எடுத்துவந்து வைஃபையில் போட்டோம். மிச்சமிருந்தது எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் ஏறிவிட்டது.

ஐபோனில் ஆப்புக்கு நேராக இருக்கும் சுவிட்சை அணைத்தால் அந்த ஆப்புக்கு மொபைல் டேட்டாவே போகாது, முன்னால் வைத்துப் பார்த்தாலும் ஓடாது. பின்னணியை மட்டும் கட்டுப்படுத்த `Settings` → `General` → `Background App Refresh` என்று போய் `Wi-Fi` என்று வையுங்கள்.

8. கம்பெனிக் கணக்கும் போன் கணக்கும் பொருந்தாவிட்டால்

சிம் கம்பெனியின் ஆப்பில் இன்று எவ்வளவு செலவானது என்று பார்க்கலாம். அந்த எண்ணும் போன் காட்டும் எண்ணும் அப்படியே ஒத்துப்போகாது. ஒரு ஜிபிக்கு 1000 எம்பி என்று ஒருவர் எண்ணுவார், 1024 என்று இன்னொருவர் எண்ணுவார். அதிலேயே சில சதவீதம் விலகும். 1.5 ஜிபிக்கு நூறு எம்பி வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். போன் 400 எம்பி என்று சொல்லும்போது கம்பெனி 1.5 ஜிபி தீர்ந்தது என்று சொன்னால் அது வேறு விஷயம். அப்போது தேதியும் நேரமும் தெரியும்படி இரண்டு திரைக்கும் ஒரே நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூன்று நாளுக்குச் சேர்த்து, வாடிக்கையாளர் சேவையில் புகார் பதியுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. மறுநாள் காலை மறுபடி பாருங்கள்

மாற்றிய அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று பேக் ஏற்கெனவே தீர்ந்திருக்கும், எதுவும் தெரியாது. அடுத்த நாள் காலையில் தேதியை மாற்றி அதே பட்டியலைப் பாருங்கள். அம்மாவின் போனில் 1.2 ஜிபி இருந்த இடத்தில் 38 எம்பி இருந்தது. எந்தப் போனிலும் இரவில் இந்த அளவுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும். மெசேஜ் வர வேண்டும், மெயில் வர வேண்டும். அது பூஜ்யமாக வேண்டும் என்று மேலும் மேலும் அணைத்துக்கொண்டே போகாதீர்கள்.

சரிபார்த்த பிறகு சுழற்சித் தேதியை ரீசார்ஜ் தேதிக்கே திரும்ப வைத்துவிடுங்கள். அன்று அம்மாவுக்கு 50% மெசேஜ் வந்தது மதியம் மூன்று மணிக்கு, சீரியல் முடிந்து வெகுநேரம் கழித்து. வந்ததும் எனக்குப் போன் செய்து நேரத்தைச் சொன்னார், நான் தாளில் குறித்துக்கொண்டேன்.